வெள்ளிக்கிழமை இரண்டரை

எங்கள் கந்தோரின் முன்அறைச் சுவரில் நான்கு மணிக்கூடுகள் தொங்குகின்றன. திருகோணமலை, கொழும்பு, மஸ்கட், சிட்டகொங் என்று ஒவ்வொன்றின் கீழும் பித்தளைத் தகடு. திருகோணமலைக்கும் கொழும்புக்கும் நேரம் ஒன்றுதான் என்பதை வாங்கும்போது யாரும் யோசிக்கவில்லை. இப்போது இரண்டுக்கும் இடையில் மூன்று நிமிட வித்தியாசம் விழுந்துவிட்டது. கப்பல் முகவர் கந்தோர் என்றால் சுவரில் உலகம் தெரியவேண்டும் என்பது எங்கள் தலைவர் அருளம்பலம் அவர்களின் கொள்கை. எந்த ஊரில் என்ன மணி என்று அந்தச் சுவர் சொல்லும். எந்த ஊரில் எந்த நாள் லீவு என்று சொல்லாது. அதைச் சொல்ல என்னைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

என் பெயர் ரஜீவன். கூட்டங்களை ஒழுங்கு செய்வது என் வேலை. உட்துறைமுக வீதியில் ஒரு ஜன்னலோரக் கதிரையில் இருந்துகொண்டு, நான்கு ஊர்க்காரரை ஒரே நேரத்தில் ஒரே திரையில் கூட்டிவைப்பேன். ஜன்னலுக்கு வெளியே மான்கள் குப்பை மேயும்.

எங்களுக்கும் கொழும்புக்கும் திங்கள் முதல் வெள்ளி வரை வேலை. மஸ்கட்டுக்கும் சிட்டகொங்குக்கும் ஞாயிறு முதல் வியாழன் வரை. வெள்ளியும் சனியும் அவர்களுக்கு லீவு. ஆக எல்லோரும் கதிரையில் இருக்கும் நாள்கள் திங்கள், செவ்வாய், புதன், வியாழன் நான்கும்தான். இடையில் எங்களுக்கு ஒரு போயா, பௌர்ணமி லீவு, வந்தால் மூன்று. பள்ளிக்கூடப் பிள்ளை விரல் மடக்கிச் சொல்லிவிடும் கணக்கு இது. எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் எங்கள் வாராந்தக் கூட்டம் ஒரு வருடமாக வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரைக்கு நடந்து வந்தது.

அது எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும். இவ்வளவு காலமும் ஒருவருக்கும் சொல்லாதது.

சென்ற வருடம் ஒரு வியாழக்கிழமை, அருளம்பலம் சேருக்கு ஜனநாயகம் வந்தது. கூட்டத்துக்கான நாளை எல்லோரும் வாக்களித்துத் தெரிவு செய்யட்டும் என்றார். நான் ஐந்து நாள்களையும் போட்டு ஒரு வாக்கெடுப்பைத் தயாரித்தேன். அதன் முன்னுரையைச் சேர் ஏழு தரம் திருத்தினார். "அன்பான சகாக்களே" என்பதை "மதிப்புக்குரிய பிராந்தியப் பங்காளர்களே" என்று மாற்ற மட்டும் முக்கால் மணித்தியாலம் போனது. கடைசியில் அனுப்பும்போது மாலை ஆறு நாற்பது.

"நாற்பத்தெட்டு மணித்தியாலம் குடுங்கோ," என்றார் சேர். "அது தாராளம்."

மஸ்கட் மணிக்கூட்டில் அப்போது ஐந்து பத்து. அங்கே கிழமை முடிந்து, கந்தோரைப் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள். சிட்டகொங்கில் ஏழு பத்து. நாற்பத்தெட்டு மணித்தியாலம் என்பது அவர்களுடைய இரண்டு லீவு நாள்களையும் அச்சொட்டாக மூடும் அளவு. அளந்து தைத்த சட்டைபோல. அனுப்பும் பொத்தானில் விரல் இருந்தபோதே எனக்கு அது விளங்கியது. ஆனால் பசியாக இருந்தது. அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வாக்களித்தவர்கள் திருகோணமலையில் நாலு பேர், கொழும்பில் ஐந்து பேர். ஒன்பது பேரும் வெள்ளி. கொழும்புக்காரருக்கு வெள்ளி பிற்பகல் எப்படியும் வீண் நேரம். எனக்கோ, கூட்டம் மூன்றரைக்கு முடிந்தால் அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்ற எண்ணம். நானும் வெள்ளிக்குத்தான் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மின்னஞ்சல் வந்தது. மஸ்கட்டில் ஆவணப் பிரிவில் இருக்கும் ஸஹாப்தீன் நானா எழுதியிருந்தார். "தம்பி, வாக்கெடுப்பை இப்பதான் கண்டனான், அது மூடிக் கிடக்குது. வெள்ளி எங்களுக்கு லீவு. மற்ற நாலு நாளும் எனக்குச் சம்மதம்." நான் உப்புவெளியில் கடலில் கால் நனைத்துக்கொண்டு அதை வாசித்தேன். திங்கள் காலை பார்க்கலாம் என்று போனைச் சட்டைப்பையில் வைத்தேன்.

திங்கள் காலை எட்டு மணிக்கெல்லாம் சேர் கொழும்புக்கு எழுதி முடித்துவிட்டார். 'ஏகமனதாக' என்ற சொல் அதில் மூன்று இடத்தில் இருந்தது.

"சேர், மஸ்கட்டில வெள்ளி லீவெல்லோ," என்று தொடங்கினேன்.

"ரஜீவன், நீங்கள் பேப்பர் வாசிக்கிறேல்லயோ? அரபு நாடெல்லாம் இப்ப வெள்ளிக்கிழமையும் வேலை. இரண்டாயிரத்து இருபத்திரண்டிலயே மாத்திப்போட்டாங்கள்."

மாற்றியது எமிரேட்ஸ் மட்டும். அங்கேயும் அரசாங்கக் கந்தோர்களில் வெள்ளி அரைநாள். ஓமான் மாற்றவேயில்லை. இது எனக்குத் தெரியும். ஸஹாப்தீன் நானாவின் மின்னஞ்சலும் கையில் இருந்தது. சேரின் முகத்தில் ஏகமனதின் ஒளி வீசிக்கொண்டிருந்தது. "ஓம் சேர்," என்று சொல்லிவிட்டு, அந்த மின்னஞ்சலைப் 'பிறகு பார்க்க' என்ற கோப்புக்குள் நகர்த்தினேன்.

நேரத்தைக் குறித்தது மட்டும் சேரின் சொந்த யோசனை. எங்கள் கந்தோரில் கப்பல் பிரிவைப் பார்க்கும் முனீப், கிண்ணியாக்காரர், ஜும்ஆத் தொழுகைக்குப் போய்த் திரும்பும்போது இரண்டு மணியாகிவிடும். "அவர் வந்த பிறகு இரண்டரைக்கு வைப்பம். மத நல்லிணக்கத்தில நாங்கள் முன்மாதிரியா இருக்கோணும்," என்றார். எங்கள் இரண்டரை மஸ்கட்டில் ஒரு மணி. அங்கே அப்போதுதான் தொழுகை முடிந்து சனம் பள்ளிவாசலால் வெளியே வரும். முனீப்பின் ஜும்ஆவுக்குக் காட்டிய மரியாதையைச் சேர் இவ்வாறு மஸ்கட்காரரின் பகல் சாப்பாட்டில் வரிபோல அறவிட்டுக்கொண்டார்.

சிட்டகொங்குக்காரர் கெட்டிக்காரர். முறை வைத்துக்கொண்டு வெள்ளிக்கு ஒருவரை அனுப்பினார்கள். மஸ்கட் ஆவணப் பிரிவில் இருப்பதே இரண்டு பேர். இளையவன் ஹஸ்மி, தனி ஆள், ஒவ்வொரு வெள்ளியும் அறைக்குள்ளிருந்து சரியாக ஒரு மணிக்கு வந்துவிடுவான். ஸஹாப்தீன் நானா மனைவி பிள்ளையோடு இருப்பவர். சில வெள்ளிகளில் பள்ளிவாசல் வாகனத் தரிப்பிடத்திலிருந்து, கமராவை மூடிக்கொண்டு வருவார். பின்னால் ஹோர்ன் கேட்கும். சில வெள்ளிகளில் வரமாட்டார்.

வராத வெள்ளிகளை நான் குறித்துக்கொண்டு வந்தேன். அதுவும் என் வேலை.

இந்த மாதம் கொழும்பிலிருந்து அறிவித்தல் வந்தது. மஸ்கட்டில் கப்பல் குறைந்துவிட்டதால், ஆவணப் பிரிவுக்கு ஒருவர் போதும். வெள்ளி காலை பத்து மணிக்குக் கொழும்பில் முடிவெடுப்பார்கள். சேவைக்காலம், வேலைத்திறன், ஈடுபாட்டு வீதம் என்று மூன்று கட்டம். வேலைத்திறனில் இரண்டு பேருக்கும் ஒரே புள்ளி. 'ஈடுபாட்டு வீதம்' என்பது அருளம்பலம் சேரின் கண்டுபிடிப்பு. கூட்டத்துக்கு வந்த தடவைகளை நூற்றுவீதத்தில் போடுவது. அதற்குத்தான் கூடுதல் நிறை.

அதற்கு முதல் நாள், வியாழன் பிற்பகல், அட்டவணையைச் சேரின் அறைக்குக் கொண்டுபோனேன். நாற்பத்தொரு கூட்டத்தில் ஹஸ்மி முப்பத்தொன்பது. ஸஹாப்தீன் இருபத்துமூன்று. சேர் வராமல் விட்டது ஐந்து. அவை 'உத்தியோக கடமை' என்று பதியப்பட்டிருந்தன.

"நிறம் போடுங்கோ, ரஜீவன். கொழும்பில இலக்கம் வாசிக்கமாட்டினம். நிறம்தான் பாப்பினம். இவருக்குச் சிவப்பு."

"சேர், அவருக்கு அது லீவு நாள்."

"பாருங்கோ, ஹஸ்மிக்கும் அதே லீவுதானே. பெடியன் வந்தவன்தானே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஈடுபாடு எண்டது உள்ளுக்கிருந்து வரோணும்."

நான் சிவப்புப் போட்டேன். அது கொழும்புக்குப் போனது.

நான்கு மணிக்குத் தேநீர் குடிக்க முனீப் என் மேசைக்கு வந்தார். ஸஹாப்தீன் நானா அவருடைய தங்கை ஹுஸ்னியாவின் கணவர். கையில் ஒரு சட்டித் தயிர். கிண்ணியாவிலிருந்து எனக்கென்று கொண்டுவந்தது.

"என்ன ரஜீவன், முகம் செத்துக் கிடக்கு?"

"ஒண்டுமில்ல. கண் நோகுது."

"மச்சான்ட விசயம் கேள்விப்பட்டிருப்பீங்க. தங்கச்சி விடிய எடுத்து ஒரே அழுகை. வேல போனா விசாவும் போகும். அம்ரா அங்க பத்தாம் ஆண்டு, பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசம். இடையில புள்ளையக் கொண்டாந்து இஞ்ச எந்தப் பள்ளிக்கூடத்தில சேர்க்கிற?" கோப்பையைச் சுழற்றினார். "ஒம்பது வருசம் வேல செஞ்ச மனிசன். கூட்டத்துக்கு வாறல்லயாம். நான் அவருக்கு ஏசினன். என்ன மச்சான், கிழமைக்கு ஒரு மணித்தியாலம் குந்தியிருக்க ஏலாதா எண்டு. அவர் சிரிச்சிட்டுக் கதைய மாத்திட்டார்."

"அந்த நாளை ஆர் தீர்மானிச்சதெண்டு சொன்னவரோ?"

"வாக்கெடுப்பில வந்ததாமே. எல்லாரும் விரும்பினதாம்." எழும்பினார். "தயிரைப் பத்திரமாக் கொண்டுபோங்க. சட்டியைத் திருப்பித் தரணும், போன சட்டியும் உங்களிட்டத்தான் கிடக்கு."

அவர் போனபின் பழைய கோப்பைத் திறந்தேன். 'பிறகு பார்க்க.' அதில் ஒரே ஒரு மின்னஞ்சல்தான் இருந்தது.

ஐந்தே முக்காலுக்குக் கந்தோரில் நான் மட்டும். கொழும்பில் ஆளணிப் பகுதித் தலைவி கமலாதேவிக்கு ஒரு கடிதம் எழுதினேன். வாக்கெடுப்பு திறந்த நேரம், மூடிய நேரம், அப்போது மஸ்கட்டில் என்ன கிழமை, ஞாயிறு வந்த மின்னஞ்சல், அதை நான் மறைத்தது எல்லாம். நன்றாக வந்திருந்தது. என்னைப் பற்றி நானே இரக்கப்படும் அளவுக்கு நன்றாக இருந்தது.

அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. எப்போது போகவேண்டும் என்று நேரம் குறித்து வைக்கலாம். வெள்ளி மாலை ஐந்து மணி என்று குறித்தேன். அதற்குள் பத்து மணி முடிவு முடிந்திருக்கும். கொழும்பு திங்கள் வரை பூட்டு. மஸ்கட் ஞாயிறு வரை பூட்டு. நான் உண்மையைச் சொன்னவனாகவும் இருப்பேன், அதைக் கேட்க ஒருவரும் இருக்கவும் மாட்டார்கள். ஒரு வருடம் இந்தக் கிழமைகளோடு புரண்டதில் நான் கற்றுக்கொண்ட வித்தை இதுதான். எந்த மணியில் எந்தக் கந்தோர் காலியாக இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம்.

கணினியை மூடக் கை வைத்தபோது தொலைபேசி அடித்தது. ஆறு ஐந்து. மஸ்கட்டில் நாலு முப்பத்தைந்து.

"தம்பி, ஸஹாப்தீன். வீட்டுக்குப் போகல்லயா?"

"இல்ல நானா. சொல்லுங்கோ."

"ஒரு சின்ன உதவி. எங்களுக்கு இன்னும் இருபத்தைஞ்சு நிமிசத்தில கிழமை முடியுது, அதுதான் அவசரமா எடுத்தன். நாளைக்குக் கூட்டத்திட தொடுப்பை என்ட வட்ஸ்அப்புக்கு ஒருக்காப் போடுங்க. கட்டாயம் வருவன். கமராவையும் போடுறன். பள்ளியால வந்து வாகனத்துக்க இரிக்காம, கந்தோர்க் கதவைத் திறக்கத் திறப்பை வாங்கி வச்சிரிக்கன். இஞ்ச மேசையில வந்து இரிப்பன்."

"லீவு நாளில கந்தோருக்கோ, நானா?"

"ஓம். அம்ராட்டச் செல்லிட்டன், கடலுக்கு சனிக்கிழமை போவம் எண்டு. அவ போன கிழமையும் அதத்தான் கேட்டவ. உங்களுக்கும் கரைச்சல் குடுத்திட்டன் தம்பி. ஒவ்வொரு மாசமும் அந்த அட்டவணையில என்ட பேருக்கு நேர பிழை போடுறது உங்களுக்கும் ஒரு மாதிரித்தான் இரிக்கும். குறை நினைக்காதீங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் "இல்ல நானா" என்றேன்.

தொலைபேசியை வைத்தபிறகு, நேரம் குறித்ததை நீக்கினேன். கடிதத்தில் இருந்த நல்ல வசனங்களை எல்லாம் வெட்டினேன். மிஞ்சியது பதினொரு வரி. ஸஹாப்தீன் நானாவின் பழைய மின்னஞ்சலை இணைத்து அனுப்பினேன். அனுப்பியபின்னும் நம்பிக்கை வரவில்லை. கமலாதேவியின் கைத்தொலைபேசிக்கு அழைத்து, "மிஸ், ஒரு மின்னஞ்சல் வந்திருக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு முதல் பாத்திடுங்கோ," என்றேன்.

"அவ்வளவு பெரிய விசயமோ?"

"ஓம் மிஸ்."

அன்று தயிர்ச் சட்டி மேசையிலேயே கிடந்தது.

வெள்ளி காலை எட்டே முக்காலுக்குக் கமலாதேவி தொலைபேசியில் அழைத்தா.

"ஒண்டே ஒண்டு கேக்கிறன். ஞாயிற்றுக்கிழமை வந்ததை நீங்கள் அண்டைக்கே வாசிச்சனீங்களோ?"

"வாசிச்சனான்."

"அப்ப ஏன் சொல்லேல்ல?"

கடல், பசி, சேரின் ஒளி, மூன்றரைக்கு வீடு என்று நிறையக் காரணம் இருந்தது. ஒன்றும் சொல்லக்கூடியதாக இல்லை. "சும்மா இருந்திட்டன், மிஸ்," என்றேன்.

"உங்களிட்ட விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும்."

அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சுகமாகவே இருந்தது.

பதினொன்றரைக்குச் சேர் என்னை அழைத்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்துப் போனேன். மும்முரமாகத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தார். பிராந்தியம் முழுவதற்கும் ஒரு சுற்றறிக்கை. 'சகாக்களின் வாராந்த ஓய்வை மதிப்பது எனது நீண்டகாலக் கொள்கை என்பது யாவரும் அறிந்ததே. அதன்படி, இனிக் கூட்டம் செவ்வாய்க்கிழமைகளில்.'

"ரஜீவன், நீங்கள் எனக்கு முதலே சொல்லியிருக்கோணும்," என்றார், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். "சரி, போகட்டும். 'யாவரும் அறிந்ததே' நல்லாயிருக்கோ, 'யாவரும் நன்கறிந்ததே' நல்லாயிருக்கோ?"

சுற்றறிக்கை பன்னிரண்டுக்குப் போனது. முனீப் ஜும்ஆவுக்குப் போகும் அவசரத்திலும் வாசலில் நின்று மச்சானுக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிந்தார்: "மச்சான், இண்டைக்குக் கூட்டமில்ல, புள்ளையக் கடலுக்குக் கூட்டிட்டுப் போங்க." போகும்போது என் தோளில் ஒரு தட்டு. தட்டவேண்டிய தோள் அது இல்லை என்று நான் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.

பன்னிரண்டு பத்துக்குக் கமலாதேவி மறுபடி அழைத்தா.

"ஈடுபாட்டுக் கட்டத்தை வெட்டிப்போட்டம். வேலைத்திறனும் ரெண்டு பேருக்கும் ஒண்டு. மிச்சம் சேவைக்காலம்தானே. ஸஹாப்தீன் ஒம்பது வருசம், அவர் இருக்கிறார். மற்றவர் மூண்டு வருசம்."

மற்றவர். நேற்று முழுவதும் இரண்டு பேரில் ஒருவரைப் பற்றியே நினைத்திருந்தேன். அந்த மேசையில் இன்னொரு கதிரை இருந்தது.

"ஹஸ்மிக்குத் தெரியுமோ, மிஸ்?"

"கடிதம் பின்னேரம் போகும். அங்க லீவெல்லோ, ஞாயிற்றுக்கிழமைதான் பாப்பார். நீங்கள் சொன்னது சரி, ரஜீவன். சொன்னபடியால்தான் ஒழுங்கா நடந்தது," என்றா.

முனீப்பின் கதிரை காலி. கந்தோர் அமைதியாக இருந்தது. இரண்டரைக்கு, வேலை இல்லாதபோதும், கை தானாகப் பழைய தொடுப்பைத் திறந்தது. அதை இரத்துச் செய்திருக்கிறார்களா என்று பார்க்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரையில் ஓர் அறிவித்தல்: உள்ளே வர ஒருவர் காத்திருக்கிறார். ஹஸ்மி.

லீவு நாளில் கந்தோர் மின்னஞ்சலைப் பார்க்காத ஆள். சுற்றறிக்கையைக் காணவில்லை. அவனுக்கு வட்ஸ்அப்பில் சொல்ல இங்கே ஒரு மச்சானும் இல்லை. அது என் வேலை. பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

உள்ளே விட்டேன். ஹஸ்மி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தான். பின்சுவரில் கழுவிக் காயப்போட்ட துவாய். கட்டில் ஓரத்தில் மூடிவைத்த சாப்பாட்டுக் கோப்பை.

"ரஜீவன் அண்ணே, என்ன ஒருத்தரையும் காணல்ல? நான் நேரம் பிந்திட்டனோ எண்டு பயந்துட்டன்."

"இல்ல, நேரத்துக்குத்தான் வந்தனீங்கள். கூட்டத்தை மாத்தியாச்சு. இனிச் செவ்வாய்க்கிழமை."

"செவ்வாயா?" சிரித்தான். "அப்ப வெள்ளிக்கிழமையில என்ன செய்யிற எண்டு இனித்தான் படிக்கணும். ஒரு வருசமா இந்த நேரம் சட்டையைப் போட்டுட்டு இரிந்து பழகிட்டுது. பெடியன்கள் கடலுக்குக் கூப்புடுவானுகள், எனக்குக் கூட்டம் எண்டு செல்லிச் செல்லி இப்ப கூப்புடுறதுமில்ல." முன்னால் சாய்ந்தான். "அண்ணே, ஒண்டு கேக்கலாமா? அந்த ஆள் குறைக்கிற கதை. நான் ரெண்டு தரம்தான் விட்டனான், ரெண்டு தரமும் இணையம் வேல செய்யல்ல. அதைக் கணக்கில எடுப்பாங்களா?"

"தெரியும். அட்டவணை போட்டது நான்தானே. முப்பத்தொன்பது."

"அப்ப பயமில்லத்தானே?"

முன்அறைச் சுவரில் மஸ்கட் மணிக்கூடு ஒரு மணி நாலு நிமிடம் காட்டியது. இப்போது சொன்னால், அவனுக்கு வாய்த்த முதல் முழு வெள்ளியையும் சனியையும் நானே எடுத்துக்கொண்டவன் ஆவேன். சொல்லாவிட்டால், ஞாயிறு வரை ஒன்றைப் பூட்டிவைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் ஆவேன். அதை ஒரு தரம் செய்து பார்த்தாயிற்று.

"சாப்பிட்டீங்களோ?" என்றேன்.

"இல்ல, கூட்டம் முடியட்டும் எண்டு மூடி வச்சிரிக்கன்."

"முதல்ல சாப்பிடுங்கோ, ஹஸ்மி. நான் இதிலயே இருக்கிறன். சாப்பிட்டு முடிய ஒரு விசயம் கதைக்கோணும்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். கமராவை மூடிக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு இல்லை. முப்பத்தொன்பது வெள்ளியும் திறந்தே வைத்திருந்தவன். கோப்பையை எடுத்து மடியில் வைத்தான். மூடியைத் திறக்கவில்லை.

"கூட்டம் முடிஞ்சுதுதானே, அண்ணே," என்றான். "இப்பவே செல்லுங்க."